மாசத்துக்கும் மத்தாப்புக்கும் என்ன உறவு?

சிவகாசியிலிருந்து லாரி ஏறுகிற அட்டைப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். வெடி உள்ளூர்ச் சரக்கு. சக்கரம் வடமொழியிலிருந்து வந்தது. புஸ்வாணத்தில் இருக்கும் வாணம், அம்பைக் குறிக்கும் 'பாணம்' வேடம் மாற்றிக்கொண்டது. இவற்றிலெல்லாம் அதிக தூரம் நடந்து வந்தது மத்தாப்பு. குழந்தை கையில் கொடுக்கிற கம்பி மத்தாப்பைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்தப் பெயர் ஈரானில் பிறந்தது என்பதும், நாம் வாடகை கொடுக்கிற 'மாசத்துக்கு' அது பங்காளி முறை என்பதும் அவ்வளவாகப் பேசப்படாத சங்கதி.

பாரசீக மொழியில் 'மாஹ்' என்றால் நிலா, 'தாப்' என்றால் ஒளிர்வு. இரண்டும் சேர்ந்த 'மஹ்தாப்' நிலவொளி. சத்தம் போடாமல் பளீரென்று வெளிச்சம் மட்டும் தருகிற வாணத்துக்கு வட இந்தியாவில் மஹ்தாப், மஹ்தாபி என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் ரசிகர்தான். அந்தச் சொல் நம்மிடம் வந்து சேருவதற்குள் அதன் ஒலிகள் அடைந்த மாற்றங்களைப் பின்தொடர்ந்து போனால், உலக மொழிகளில் திரும்பத் திரும்ப நடக்கிற மூன்று காரியங்களையும் வழியிலேயே பார்த்துவிடலாம்: ஒலி மெலிதல், ஒலி இடம் மாறல், பக்கத்து ஒலியோடு ஓரினமாதல்.

முதல் காட்சி மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. வடமொழிக்கும் ஈரானிய மொழிகளுக்கும் தாய்மொழி ஒன்றே. அதில் நிலாவுக்கான சொல் 'மாஸ்'. நிலாவை வைத்துத்தான் நாள் எண்ணினார்கள், ஆகவே அதுவே மாதத்துக்கும் பெயர். வடமொழி அந்த ஸ் ஒலியைக் காப்பாற்றி வைத்துக்கொண்டது. அதிலிருந்து வந்தவைதான் நம் மாசமும் மாதமும். ஈரான் பக்கம் போனவர்களோ உயிரெழுத்தை ஒட்டி வந்த ஸ்-ஐப் பெரும்பாலும் ஹ் ஆக்கிவிட்டார்கள். மாஸ், மாஹ் ஆயிற்று. ஏழைக் குறிக்கும் 'ஸப்த' அங்கே 'ஹஃப்த்' ஆயிற்று. சிந்து ஹிந்து ஆன கதை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

இது ஈரானியர்களின் தனிப்பட்ட பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. லத்தீனில் 'செப்தெம்' ஆக நின்ற அதே ஏழு, கிரேக்கத்தில் 'ஹெப்தா'. கிரேக்கர்கள் ஈரானியர்களைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. அவரவர் வாய் அவரவரை அங்கே கொண்டுபோய்விட்டது. இன்றைக்கும் கியூபா முதலான கரீபியன் நாடுகளில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் சொல்லின் கடைசி ஸ்-ஐ வெறும் மூச்சாக விடுகிறார்கள். காரணம் ஸ்-இன் கட்டுமானத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல நாக்கின் நடுவில் ஒரு பள்ளம் வேண்டும். நுனிக்கும் ஈறுக்கும் இடையே நூல் இடைவெளிதான் இருக்கலாம். அதன் வழியே காற்று சீறிப் போக வேண்டும். நாக்கு கொஞ்சம் தளர்ந்தால் சீறல் நின்றுவிடும். அப்போது மிஞ்சுவது தொண்டையிலிருந்து வரும் மூச்சு மட்டும். அந்த மூச்சுக்குப் பெயர்தான் ஹ். அதுவும் தளர்ந்தால் ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லாமல் போன கட்டம் தமிழில் இருக்கிறது. ஆறு என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். மத்திய இந்தியாவின் கோண்டி மொழி நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ஆறுக்கு 'சாருங்'. ஆதியில் இந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு ச் இருந்தது என்றும், தென்பக்க மொழிகள் அதைத் தொலைத்துவிட்டன என்றும் மொழிநூலார் முடிவு கட்டியிருக்கிறார்கள். நம் உப்பும் அப்படித்தான் தலை இழந்தது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1998-இல் எழுதிய ஆய்வில் கோண்டி வட்டாரங்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார். சில வட்டாரங்களில் சொல் முதலில் ஸ், சிலவற்றில் ஹ், தெற்கே சில இடங்களில் அதுவும் இல்லை. ஈரானில் பாதி வழியில் நின்றுபோன பயணம், கோதாவரிக் காட்டுக்குள் கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிருக்கிறது. பட்டாசுக்காரர்கள் கையாளும் வெடியுப்பில் உள்ள உப்பும் இந்த ஊர்வலத்தில் ஒரு ஆள் என்பது தற்செயல்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

அடுத்து 'தாப்'. இதன் வேர் 'தப்', அதாவது சூடாதல், ஒளிர்தல். வடமொழியின் தபஸ், தாபம் எல்லாம் இதே வேர்தான். பழைய ஈரானியத்தில் கடைசி ஒலி, 'பல்' என்று தொடங்கும்போது வருகிற வல்லின ப். சாசானியர் ஆண்ட காலத்தில், அதாவது 224-க்கும் 651-க்கும் இடையே பேசப்பட்ட நடுக்காலப் பாரசீகத்தில், உயிரெழுத்துக்குப் பின்னால் வந்த இந்த ப், 'கம்பு' என்னும்போது வருகிற அதிர்வுள்ள ப் ஆக மாறிவிட்டது. தண்ணீரைக் குறித்த பழைய 'ஆப்' இப்படித்தான் மெலிந்தது. ஐந்து ஆறுகளின் நாடான பஞ்சாபின் வாலில் இருப்பது அந்த மெலிந்த தண்ணீர்தான். வேடிக்கை என்னவென்றால், அக்காலத்துப் பஹ்லவி எழுத்தர்கள் பழைய வல்லினத்தையே எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. தமிழ் படிக்கிற யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. ஆனால் நின்ற இடத்தைப் பொறுத்துப் பல ஒலி. 'அத்தை', 'அதை' இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அத்தையில் நாக்கு பல்லில் முட்டி, காற்றை முழுசாக அடைத்து நிற்கிறது. அந்த நேரம் தொண்டையில் அதிர்வும் நின்றுவிடுகிறது. அதையில் நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் திரும்பிவிடுகிறது. 'பக்கம்', 'பகல்' இன்னும் தெளிவு: பகலில் வரும் க் பலர் வாயில் கிட்டத்தட்ட ஹ். இரண்டு பக்கமும் உயிரெழுத்து, வாய் திறந்தே இருக்கிறது, தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு கணத்துக்காக நாக்கு முழுத் தூரம் போய் மூடி, அதிர்வையும் நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். நேரம் குறைவு, நாக்கு பாதி வழியில் திரும்புகிறது. மெலிதல் என்பது இவ்வளவுதான். இரட்டித்து வந்தால் நேரம் கிடைக்கிறது, அதனால் மெலிவதில்லை. இந்த எழுத்தொன்று ஒலி பல என்ற ஒழுங்கை ஐரோப்பியர்களுக்கு விதியாக எடுத்துச் சொன்னவர் திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். அவருடைய திராவிட ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது.

மெலிதலின் படிகளைத் தமிழ் வினைச்சொல்லே வரிசையாக வைத்திருக்கிறது. நடப்பான், காண்பான், செய்வான். மூன்றும் எதிர்காலம். முதலாவதில் காலம் காட்டுவது ப்ப், அடுத்ததில் ப், கடைசியில் வ். ஒரே உறுப்புத்தான். இரட்டித்து நின்ற இடத்தில் வல்லினமாகவே இருக்கிறது, மெல்லினத்துக்குப் பின் அதிர்கிறது, மற்ற இடத்தில் உதடு ஒட்டாமலே போய் வ் ஆகிவிட்டது. லத்தீனில் உயிர் வாழ்வைக் குறித்த 'வீதா' ஸ்பெயினில் 'வீதா'வாகவே இருப்பதாகத் தமிழ் எழுத்தில் தோன்றும். ஆனால் அங்கே த், 'அதை'யில் வரும் த் போல மெலிந்துவிட்டது. பிரான்சில் அந்த த்-யே இல்லை, வெறும் 'வீ'.

இங்கே ஒரு தலைகீழ் சங்கதி. கரிசல் காட்டில் பெரியவர்கள் 'உசிரு போகுது' என்பார்கள். முயலை 'முசல்' என்பார்கள். படித்தவர்கள் இதைக் கொச்சை என்று திருத்துவார்கள். கன்னடத்தைக் கேட்டால் அது 'உசிர்' என்கிறது. தெலுங்கு 'உசுரு' என்கிறது. தனித்தனியே பிரிந்துபோன இரண்டு மொழிகளும் ஒரே குரலில் ஸ் போன்ற ஒலியைச் சொல்லும்போது, பழைய வடிவத்தில் அது இருந்திருக்க வேண்டும் என்று கொள்வதே முறை. அதோடு, இரண்டு உயிர்களுக்கு நடுவே ச் மெலிந்து ய் ஆவது எளிது; ய் விறைத்து ச் ஆவது அரிது. ஆக ஏட்டில் எழுதப்பட்ட 'உயிர்'தான் மெலிந்தது. திருத்தப்பட்ட பாட்டி சொன்னதே மூப்பு.

மஹ்தாபை நிலவொளியிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அதே பாரசீக வீதியில் உருண்ட இன்னொரு சொல்லைப் பார்க்கலாம். தரையில் சுற்றுகிற சங்குச் சக்கரத்தின் சக்கரம், வடமொழியில் 'சக்ர'. பழைய ஈரானியத்தில் அது க்-ஐத் தொண்டையில் உரசலாக்கி 'சஃக்ர' போல ஒலித்தது. பிறகு அந்த மொழி சொற்களின் கடைசி உயிரை உதிர்க்கத் தொடங்கியது. விளைவு: சொல் ர்-இல் முடிகிறது, அதற்கு முன் இன்னொரு மெய். அந்த நிலையில் ர் சொல்ல முடியாத எழுத்து. முன்னால் உரசல், பின்னால் ஒன்றுமில்லை. நாக்கு அசைந்தும் காதில் விழாமல் கரைந்துவிடும். பாரசீகர்கள் ர்-ஐத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்கள். சக்ர, 'சர்க்' ஆயிற்று. உயிரெழுத்தை ஒட்டி நின்றதும் ர் கணீரென்று கேட்டது. இந்த சர்க் தான் இந்தியாவுக்குத் திரும்பி வந்து சர்க்கா ஆகி, காந்தியின் கையில் சுற்றியது. வட இந்தியாவில் தரைச் சக்கரத்துக்குச் சர்க்கி என்ற பெயரும் உண்டு.

தமிழும் அதே 'சக்ர'வை வாங்கியது, அதே சங்கடத்தைச் சந்தித்தது. நாம் ர்-ஐ நகர்த்தவில்லை. நடுவில் ஓர் அகரத்தைச் சொருகி, சக்-க-ரம் என்று அகலப்படுத்திக்கொண்டோம். ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியம்.

ஒரு சொல்லில் நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். வேறு சொற்களிலும் நடந்தால்தான் விதி. பாரசீகத்தில் நடந்தது. பளபளப்பைக் குறித்த வடமொழி 'சுக்ர', ஈரான் பக்கம் சிவப்பு நிறத்தைக் குறித்து, ர் முன்னேறி 'சுர்க்' ஆகிவிட்டது. செங்கல் பொடிக்குச் சுர்க்கி என்று பெயர் வந்தது அந்தச் சிவப்பால்தான். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையில் எழுந்தது. விடிவெள்ளியான சுக்கிரனும் அணைக்கட்டின் செங்கல் பொடியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால், ஜோசியர் நம்ப மாட்டார்.

இடம் மாறுகிற ஒலிகளில் ர், ல் இரண்டுக்கும் தனி இடம் உண்டு. உலகத்தில் எங்கே போனாலும் இந்த இரண்டும்தான் அதிகம் தாவுகின்றன. லத்தீன் 'பராபொலா' ஸ்பெயினில் 'பலாப்ரா' ஆனது; ர் இருந்த இடத்தில் ல், ல் இருந்த இடத்தில் ர். ஓகாலா என்ற ஒலியியலாளர் 1981-இல் எழுதிய கட்டுரையில் பழியைப் பேசுகிறவர் மேல் போடாமல் கேட்கிறவர் மேல் போட்டார். த், ப் போன்ற ஒலிகள் ஒரு நொடித் துணுக்கில் வெடித்து முடிகின்றன; அவை எங்கே நின்றன என்று காது துல்லியமாகச் சொல்லிவிடும். ர், ல் அப்படியல்ல. அவற்றின் சாயல் முன்னால் உள்ள உயிரிலும் பின்னால் உள்ள உயிரிலும் படர்கிறது. சொல்லில் எங்கோ ஒரு ர் இருக்கிறது என்று காதுக்குத் தெரிகிறது, எந்த இடத்தில் என்பது குழம்புகிறது. குழந்தை தான் கேட்டபடி வேறிடத்தில் வைத்துச் சொல்கிறது. அதைத் திருத்த ஆள் இல்லாவிட்டால் அதுவே வழக்கு.

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் மதுரையை 'மருதை' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். குதிரை 'குருதை' ஆவதும் இதே தாவல். மருத மரத்திலிருந்து பெயர் வந்தது, ஆகவே மருதை தான் ஆதி வடிவம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மதுரைக்குப் பக்கத்து அழகர்மலைக் குகையில் ஈராயிரம் ஆண்டுப் பழைய தமிழ் பிராமி எழுத்தில் 'மதிரை' என்றுதான் வெட்டியிருக்கிறது. ர் அங்கே த்-க்குப் பின்னால்தான் நிற்கிறது. அது முன்னால் தாவியது பிற்பாடு.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு வசதி. ஒரே தெருவில் இரண்டு மொழி கேட்கும். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்த தெலுங்குக் குடும்பங்கள் ராஜபாளையத்திலும் கரிசல் ஊர்களிலும் வீட்டுக்குள் இன்றும் தெலுங்கு பேசுகின்றன. தமிழ் வீட்டில் இருப்பது உரல். எதிர் வீட்டில் அதே கல் 'ரோலு'. நாம் அவர் என்பதை அவர்கள் 'வாரு' என்கிறார்கள். நம் உள் அவர்களுக்கு 'லோ'. எல்லாவற்றிலும் சொல்லின் முதல் உயிர் பின்னால் போய், ர, ல, வ போன்ற மெல்லிய மெய் முன்னுக்கு வந்திருக்கிறது. உ-வும் அ-வும் ஒன்றாகக் கலந்து நீண்டு ஓ ஆகிவிட்டன. தமிழில் ர் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் கண்டிப்பாகத் தடுத்துவைத்திருந்தது. அந்தத் தடையும் பேச்சில் நிற்கவில்லை: 'ரெண்டு' என்று சொல்லாத தமிழர் யார்?

இனி மஹ்தாப் கிளம்பலாம். வெடியுப்பின் ரகசியம் சீனாவிலிருந்து மேற்கே போனது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியாவில் இருந்த ஹசன் அல்-ரம்மா வெடிமருந்துக் கலவைகளை எழுதிவைத்தபோது வெடியுப்பை 'சீனப் பனி' என்று குறித்தார். பாரசீகர்களுக்கு அது 'சீன உப்பு'. 1443-இல் ஹெராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக், விஜயநகரத்து மகாநவமியில் கண்ட வாணவேடிக்கையை வியந்து எழுதியிருக்கிறார். பாரசீகம் அரசாங்க மொழியாக இருந்த காலங்களில் வாணக்காரர்களின் சொற்களும் பாரசீகமாகவே ஊர் ஊராகப் போயின. தக்கணத்து உருதுவில் ஏறி அந்த நிலவொளி தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது.

நுழைந்த இடத்தில் ஒரு முட்டுக்கட்டை. ஹ்-உம் த்-உம் அடுத்தடுத்து. தமிழில் ஹ் என்ற எழுத்தே கடன். பக்கத்தில் ஒரு மெய் வந்து நின்றால் அதை என்ன செய்வது? வழிகள் பல இருந்தன. 'மஹ்ஸர்' வந்தபோது நடுவில் உயிரைச் சொருகி மகசர் ஆக்கினோம். 'தஹ்ஸில்' வந்தபோது ஹ்-ஐ விட்டுவிட்டு முன் உயிரை நீட்டி தாசில் ஆக்கினோம். மஹ்தாப்புக்கு மட்டும் மூன்றாவது வழி: ஹ் தன் அடையாளத்தைக் கைவிட்டு, பக்கத்து த்-ஆகவே மாறிப்போனது. 'மத்தாப்'. எந்தச் சொல் எந்த வழியில் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒலியியல் சொல்வதெல்லாம், திறந்திருக்கும் வழிகள் இவை என்பதுதான்.

ஹ் தோற்றதற்குக் காரணம் உண்டு. ஹ்-க்கு வாயில் சொந்த இடம் கிடையாது. அது மூச்சு மட்டுமே; அந்த நேரம் நாக்கு சும்மாதான் இருக்கிறது. சும்மா இருக்கிற நாக்கு அடுத்த த்-க்காக முன்கூட்டியே பல்லுக்குப் போய்விடும். சொந்த இடம் உள்ள மெய்கள்கூட இன்னொரு மெய்க்கு முன்னால் நின்றால் தோற்கின்றன. ஒரு மெய்யை இன்னது என்று காது அடையாளம் காண்பது பெரும்பாலும் அது விடுபட்டு அடுத்த உயிருக்குள் போகும் நேரத்தில்தான். உயிருக்கு முன் நிற்கிற மெய்க்கு அந்த வாய்ப்பு உண்டு. மெய்க்கு முன் நிற்கிற மெய்க்கு இல்லை. எனவே மோதலில் பெரும்பாலும் பின்னால் நிற்பவன் ஜெயிக்கிறான். வடமொழி 'ஸப்த' பிராகிருதத்தில் 'சத்த'. லத்தீன் 'செப்தெம்' இத்தாலியில் 'செத்தெ'. கங்கைக் கரையிலும் ரோமிலும் ஒரே ப், ஒரே த்-யிடம் தோற்றிருக்கிறது. வடமொழி 'சப்த'மும் அதே வழியில் போய்த்தான் நம்மிடம் சத்தம் ஆயிற்று. வெடிச் சத்தம் என்று நாம் சொல்வதற்குள்ளேயே ஒரு ப் நசுங்கிக் கிடக்கிறது.

மத்தாப்பின் இரட்டைத் த்-க்கு இன்னொரு வேலையும் உண்டு. தெலுங்கு அதே சொல்லை 'மதாபு' என்று ஒற்றை மெய்யோடு வைத்திருக்கிறது. அங்கே வல்லொலிக்கும் அதிர்வொலிக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் குழப்பமில்லை. தமிழில் ஒற்றைத் த் போட்டால் அது அதையின் த் ஆகி மெலிந்துவிடும். வல்லினம் வல்லினமாகவே இருக்க வேண்டுமானால் இரட்டித்தே தீர வேண்டும். கப்பு, செட்டு, பாக்கெட்டு என்று நாம் இன்றும் இங்கிலீஷ்காரன் சொல்லுக்குச் செய்கிற அதே காப்பு.

கடைசியில் இருக்கும் 'ப்பு' விசித்திரமானது. நவாப் வந்தபோது நவாபு என்றோம், ஜவாப் ஜவாபு ஆனது, ஒற்றைப் ப் தான். இங்கே மட்டும் ஏன் இரட்டை? 'மத்தாப்பூ' என்று பலர் எழுதுவதைப் பார்த்தால் ஊகிக்கலாம். தீப்பொறி உதிர்வதைப் பார்த்த கண்ணுக்கு அது பூவாகத் தெரிந்திருக்கிறது, காதும் கண்ணோடு போய்விட்டது. மலையாளத்திலும் 'மத்தாப்பூ' தான். எப்படியானாலும், சாசானியர் காலத்தில் மெலிந்துபோன பழைய ப், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்துத் தமிழில் மறுபடி முழு வல்லினமாகிவிட்டது. மெலிதல் ஒருவழிப் பாதை என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். மொழி விட்டு மொழி தாவினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதைத் தொடர்ந்து பட்டாசும் இந்தச் சீமையின் தொழிலாயிற்று. சாத்தூர், வெம்பக்கோட்டை, அச்சங்குளம் என்று ஆலைகள் பரவின. பாரசீக நிலவொளி வந்து இறங்கிய இந்த ஊர்ப் பெயர்களே ஓரினமாதலுக்குக் கண்காட்சி. அச்சங்குளத்தில் 'குளம்' வெளிப்படை. அதற்கு முன் நின்ற மெல்லெழுத்து முதலில் ன் ஆக இருந்ததா ம் ஆக இருந்ததா என்று வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. க் வந்து ஒட்டியதும் அது ங் ஆகித் தன் பழைய அடையாளத்தை அழித்துவிட்டது. ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்லக் கிளம்புகிறவர்கள் சறுக்குகிற இடம் இது.

அடையாளம் அழியாத உதாரணம் புளிய மரம். புளியம்பட்டி, புளியங்குடி, திருச்சிப் பக்கத்துப் புளியஞ்சோலை, சென்னையின் புளியந்தோப்பு. நான்கிலும் மரம் ஒன்று, நடுவில் வரும் 'அம்' ஒன்று. ஆனால் அதன் ம், அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து ம், ங், ஞ், ந் என்று முகம் மாற்றுகிறது. பட்டிக்கு உதடு, குடிக்கு அடிநாக்கு, சோலைக்கு நடுநாக்கு, தோப்புக்குப் பல். மெல்லெழுத்தின் ஒலி மூக்கு வழியாகப் போகிறது, ஆகவே வாயில் எங்கே அடைத்தாலும் காதுக்கு வித்தியாசம் சொற்பம். அடுத்த மெய்க்குப் போகும் வழியிலேயே அடைத்துவிட்டால் ஒரு நகர்வு மிச்சம். தொல்காப்பியர் இதை இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறார்: புளி மரம் அம் சாரியை பெறும் என்று உயிர்மயங்கியலில் தனியாகவே சொல்கிறார், அந்த அம்-இன் ம், க ச த வரும்போது ங ஞ ந ஆகும் என்று புணரியலில் சொல்கிறார்.

பரிமாற்றம் அங்கேயும் நிற்பதில்லை. தொண்டையில் விரல் வைத்து முதலில் 'குடி' என்றும் பிறகு 'புளியங்குடி' என்றும் சொல்லுங்கள். தனிக் குடியின் க்-இல் அதிர்வில்லை, புளியங்குடியில் இருக்கிறது. மூக்கு வழியை அடைக்கிற உள்நாக்குப் பகுதி மெதுவான தசை. ங் முடிந்து க் தொடங்கிய பின்னும் அது முழுக்க மூடுவதில்லை. காற்று மூக்கில் கசிந்துகொண்டே இருக்க, தொண்டை அதிர்வும் தொடர்கிறது. ஆக ங் தன் இடத்தைக் க்-இடமிருந்து வாங்கியது, க் தன் அதிர்வை ங்-இடமிருந்து வாங்கியது. இந்த ஊர்க்காரர்கள் ஏரியைக் கண்மாய் என்று எழுதி 'கம்மாய்' என்று சொல்வதில் இடம் மட்டும் கைமாறியிருக்கிறது.

வாய் பின்னால் இருப்பதற்கு முன்கூட்டி வளைவதுபோல, முன்னால் இருந்ததையும் சுமந்துகொண்டு போகும். அடித்தான் பேச்சில் அடிச்சான். சிரித்தாள் சிரிச்சாள். ஐந்து அஞ்சு. இகரமும் யகரமும் சொல்ல நாக்கின் நடு மேலே எழும்புகிறது. எழும்பிய நாக்கோடு த் சொல்லப் போனால் பல்லில் படாமல் மேலண்ணத்தில் படுகிறது, அங்கே பிறப்பது ச். நடந்தான் 'நடஞ்சான்' ஆவதில்லை. அங்கே முன்னால் நிற்பது அகரம். விதி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சிவகாசிப் பெட்டிகள் விஷுவுக்காக மேற்கே, ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குள்ளும் போகின்றன. ஆரியங்காவைத் தாண்டியதும் 'அடிச்சு' கொச்சை இல்லை, அச்சுப் புத்தக மொழி. 'அஞ்சு' பள்ளிக்கூடத்தில் எழுதப்படுகிற எண். மூக்கொலியின் கசிவும் அங்கே இன்னும் ஒரு படி கடந்துவிட்டது. நாம் தேங்காய் என்பதில் ங்-க்குப் பின் ஒரு க் கேட்கிறது. அவர்களுடைய 'தேங்ங'வில் அந்த க் முழுக்க மூக்குக்குள் போய்விட்டது. நம் 'வந்து' அவர்களுக்கு 'வன்னு'. இதைப் பார்த்துச் சிரிக்கிற தமிழரும், ஒன்று என்பதை 'ஒண்ணு' என்றும் கன்று என்பதைக் 'கன்னு' என்றும்தான் சொல்கிறார்.